எஃப்.சி. முடிந்த லாரிக்கு க்ளெய்ம் கேட்பது எப்படி?

“விபத்து நடந்த அன்று உங்கள் வாகனத்துக்கு எஃப்.சி. இல்லை. எனவே க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.” இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து இப்படி இரண்டு வரிக் கடிதம் வந்ததும் பல லாரி உரிமையாளர்கள் அவசரமாக எஃப்.சி. எடுத்து, அதன் நகலை அனுப்பிவைக்கிறார்கள். அதில் பலன் இல்லை. இன்று வாங்கிய எஃப்.சி. விபத்து நடந்த நாளுக்குப் பின்னோக்கிச் செல்லாது.

பர்மிட் விஷயம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 81ஆவது பிரிவின்படி, காலாவதியான பர்மிட்டை ஆர்.டி.ஓ. அலுவலகம் பின்னர் புதுப்பித்துக் கொடுத்தால், அது பழைய பர்மிட் முடிந்த நாளிலிருந்தே செல்லும். இடையில் நடந்த விபத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கோ, குட்டியானை வகையைப் போல, பர்மிட்டே தேவையில்லை என்கிறது 66ஆவது பிரிவு. ஆர்.சி. புத்தகத்தில் எடையைப் பார்த்து அதை எழுதினாலே போதும்.

பதில் எழுதுமுன் பாலிசியை எடுத்து, வாகனத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் பகுதியைப் படியுங்கள். சரக்கு வாகனப் பாலிசிகளில் அந்த இடத்தில் பர்மிட் என்ற சொல் பொதுவாக இருக்கும், எஃப்.சி. என்பது பெரும்பாலும் இருக்காது. அதனால் கம்பெனி சுற்றி வருகிறது: எஃப்.சி. இல்லாத வாகனம் முறையாகப் பதிவு பெற்றதாகக் கருதப்படாது என்கிறது 56ஆவது பிரிவு. பதிவில்லாத வாகனத்துக்கு இழப்பீடு இல்லை என்று 2014இல் நரீந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த வாதம் பலவீனமானது அல்ல. ஆனால் அந்த வழக்கில் இருந்தது தற்காலிகப் பதிவு, அதுவும் காலாவதியாகிவிட்டது. நிரந்தரப் பதிவுள்ள லாரிக்கு எஃப்.சி. தேதி மட்டும் தவறியது அதே நிலைமை அல்ல என்பதே உங்கள் வாதம்.

கற்பனையாக ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் வண்டி, எஃப்.சி. முடிந்து 19 நாள். முடிவதற்கு முன்பே கட்டணம் கட்டி ஆய்வுக்குத் தேதி வாங்கிய ரசீது இருக்கிறது. சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த டிப்பர் மோதிவிட்டது. சர்வேயர் மதிப்பிட்ட சேதம் 3,20,000 ரூபாய். இந்த உரிமையாளரின் கடிதம் எஃப்.சி. முடிந்ததை மறைக்காமல் தொடங்க வேண்டும்; அது கணினியில் யாரும் பார்க்கக்கூடிய விவரம், மறைத்தால் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும். அடுத்து, பாலிசியின் எந்த நிபந்தனை மீறப்பட்டது, அது விபத்துக்கு எப்படிக் காரணமானது என்று எண்ணோடு கேட்க வேண்டும். சர்வே அறிக்கையின் நகலையும் கேட்க வேண்டும்.

கடிதத்தோடு இணைக்க வேண்டியவற்றில் முக்கியமானது எம்.வி.ஐ. அறிக்கை. விபத்துக்குப் பின் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை என்று எழுதியிருந்தால், எஃப்.சி.யின் நோக்கமான ‘வண்டி ஓடத் தகுதியானதா’ என்ற கேள்விக்கு அரசு அதிகாரியே பதில் சொல்லிவிட்டார். எஃப்.ஐ.ஆர்., ஆய்வுக் கட்டண ரசீது, விபத்துக்கு முந்தைய பிரேக், டயர் வேலை பில்கள் ஆகியவையும் சேரட்டும். அறிக்கையிலேயே ‘பிரேக் செயலிழப்பு’ என்று இருந்தால் இந்த வழி அடைபடுகிறது, அப்போது எஃப்.சி. வெறும் காகிதக் குறை அல்ல.

கடைசிப் பத்தி மாற்றுக் கோரிக்கை. முழுத் தொகை இல்லையென்றால் ‘நான் ஸ்டாண்டர்டு’ முறையிலாவது தீர்க்கும்படி கேட்கலாம். பாலிசி நிபந்தனை மீறப்பட்டாலும் ஒப்புக்கொள்ளத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரும் முறை அது. 2010இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கையாண்டது. நம் லாரிக்கு அது 2,40,000 ரூபாய் வரை. உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்காத உரிமையாளருக்குக் கம்பெனி தானாக அதை நினைவூட்டிப் பார்த்ததில்லை.

அந்த விபத்தில் வேறு யாருக்காவது காயம் பட்டிருந்தால் பணம் வேறு பாதையில் போகும். தீர்ப்பாயம் பல நேரம் முதலில் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்க அனுமதிக்கிறது. பர்மிட் இல்லாத வண்டிக்கு 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், எஃப்.சி. இல்லாத வண்டிக்கு அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இப்படித்தான் சொல்லின. ‘கம்பெனிதானே கட்டப்போகிறது’ என்று நோட்டீசுக்கு ஆஜராகாமல் இருந்துவிட்டால் அந்த வசூல் உத்தரவு எதிர்ப்பில்லாமலே வந்து சேரும்.

கடிதத்துக்கு ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது மறுபடி மறுப்பு என்றால், தனிநபர் உரிமையில் லாரி வைத்திருப்பவர் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு ஆண்டு. இதற்கிடையே கம்பெனி சிறு தொகை தந்து ‘முழுத் தீர்வு’ வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்வதாக அன்றே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.