ஒரு படம், இரண்டு மனுக்கள்

தெருமுனையில் ஒரு குப்பை மேடு. இளநீர்க் கூடுகள், பாலித்தீன் பைகள், டீக்கடைக் காகிதக் கோப்பைகள், கிழிந்த தலையணை ஒன்று. மேட்டின் ஒரு பக்கம் சரிந்து சாக்கடைக்குள் இறங்கியிருக்கிறது. அதற்கப்பால் கறுப்புத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. செல்பேசியில் எடுத்த படம், தெளிவாகவே இருக்கிறது. ஆனால் திருவண்ணாமலையா, தேனியா, தாம்பரமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. நகராட்சி அலுவலகத்துக்கு இப்படிப்பட்ட படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

படத்தோடு வரும் கடிதமாவது அந்தக் குறையை நிரப்புகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. ‘துர்நாற்றம் வீசுகிறது, கொசுத் தொல்லை அதிகமாக உள்ளது, ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று பள்ளியில் பழகிய நடையில் முடிந்துவிடுகிறது. நாற்றத்தைப் படமே சொல்லிவிட்டது. படம் சொல்லாதவற்றை எழுதத்தான் கடிதம். எந்த வார்டு, தெருவின் எந்தப் பக்கம், எந்தக் கடைக்கு எதிரில், எப்போதிலிருந்து, எங்கே அடைத்திருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு விடை காண ஒரு நடை நடந்தால் போதும். தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்திலிருந்து, அது ஓட வேண்டிய திசையில் சாக்கடையோரமாகப் போக வேண்டும். ஓரிடத்தில் தண்ணீர் சட்டென்று குறைந்து, அதற்குப் பிறகு காய்ந்து கிடக்கும். அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பெரும்பாலும் அது வீட்டு வாசலில் வண்டி ஏற்றப் போட்ட சிமென்ட் சாய்தளத்துக்கோ, கடை முன்னால் போட்ட சிலாப்புக்கோ, தெருவைக் கடக்கும் சிறுபாலத்துக்கோ அடியில்தான். தூய்மைப் பணியாளரின் மண்வெட்டி எட்டாத இடங்கள் அவை. குப்பை விழுந்ததாலேயே அடைத்தது என்று நினைத்துத் திறந்த பகுதியை மட்டும் வாரிவிட்டுப் போனால், மறுநாளே தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறிவிடும்.

அடுத்தது, மனு எத்தனை என்பது. ஒரே படத்தில் இருப்பதால் குப்பையையும் அடைப்பையும் ஒரே கடிதத்தில் எழுதத் தோன்றும். அலுவலகத்தில் அது ஒரே மனுவாகப் பதிவாகும். குப்பையை அள்ளுவது அரைநாள் வேலை. லாரி வரும், அள்ளும், ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று கோப்பில் ஏறும். அடைப்பு அப்படியே இருக்க, மனு முடிந்துபோகும். பொதுவாகக் குப்பையும் திறந்த சாக்கடையைத் தூர்வாருவதும் சுகாதாரப் பிரிவின் வேலை. உடைந்த சிலாப், இடிந்த பக்கச்சுவர், பாலம் என்றால் பொறியியல் பிரிவு. எனவே இரண்டு மனுக்களாகவே கொடுப்பது நல்லது. இரண்டையும் ஆணையருக்கு எழுதலாம். பிரித்து அனுப்புவது அவர்கள் பாடு.

அடைப்புக்கான மனு, முகவரிகள் நீங்கலாக, இப்படி இருக்கலாம்:

‘பொருள்: 14-ஆவது வார்டு, பிள்ளையார் கோயில் தெரு – வடிகால் அடைப்பை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,
மேற்படி தெருவின் கிழக்குப் பக்க வடிகாலில், ரேஷன் கடைக்கு எதிரில் உள்ள சிலாப்புக்கு அடியில் அடைப்பு ஏற்பட்டுள்ளது. அதற்கு வடக்கே சுமார் 40 அடி நீளத்துக்குக் கழிவுநீர் தேங்கியுள்ளது. தெற்கே வடிகால் காய்ந்துள்ளது. கடந்த 6-ஆம் தேதி மழைக்குப் பிறகு இந்நிலை தொடர்கிறது. சிலாப்பை அகற்றித் தூர்வாரவும், வாரிய மண்ணை உடனே அப்புறப்படுத்தவும் வேண்டுகிறோம்.
இணைப்பு: 9-ஆம் தேதி காலை 7 மணிக்கு, வடக்கு நோக்கி எடுத்த படம்.’

‘வாரிய மண்ணை’ என்ற வரி விட்டுப்போகக் கூடாது. சேறு ஈரமாக இருக்கும்போது ஏற்றினால் வழியெல்லாம் சிந்தும் என்று கரையிலேயே குவித்துக் காயவிடுவார்கள். எடுத்துப் போக யாரும் வரவில்லையென்றால் அடுத்த மழையில் அது வந்த இடத்துக்கே திரும்பிவிடும்.

குப்பை மனுவில் எழுத வேண்டியது வேறு. குப்பை ஏன் அங்கே சேருகிறது? வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எந்தெந்த நாள் வருவதில்லை, கொட்டுவது வீட்டுக்காரர்களா, இரவில் கடையடைத்துப் போகிறவர்களா? இது தெரியாமல் அள்ளிய மேடு ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். கொசுவைப் பற்றி எழுதுவதென்றால் அதற்கும் இந்த மனுவே சரியான இடம். ‘சாக்கடையால் டெங்கு பரவுகிறது’ என்று எழுதுகிறார்கள். சாக்கடை நீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஓரளவு தெளிந்த நீரைத் தேடுகிறது. படத்தில் இருக்கும் இளநீர்க் கூட்டிலும் காகிதக் கோப்பையிலும் மழைநீர் நின்றால், முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். டெங்குக் காலத்தில் கூடும் கோப்பையும் தெரியும்படி கிட்டத்தில் எடுத்த படம், சாக்கடைப் படத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

படம் எடுக்கும்போது இரண்டு எடுக்க வேண்டும். ஒன்று கிட்டத்தில்; மற்றது பத்தடி பின்னால் நின்று, கடைப் பலகையோ மின்கம்பமோ தெரியும்படி. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால், கோப்புக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு போய்விடும். தேதியையும் இடத்தையும் படத்தின் மேலேயே அச்சிடும் கேமரா செயலிகள் அதற்குத்தான். தாளில் அச்சிட்டு ஒட்டினால் இன்னும் நல்லது. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள். நின்று வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாரைப் பதியலாம். ஆனால் மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு வட்டத் துளை வழியே பொங்கினால் அது பெரும்பாலும் வாரியத்தின் வேலை. அப்படிப்பட்ட மனுவில் ‘ஆளை இறக்கி’ என்று எழுதிவிடக் கூடாது. பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக் குழிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இயந்திரத்தைத்தான் கேட்க வேண்டும்.

பதிலே வராவிட்டால்? தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், முத்திரைத் தேதியைக் குறிப்பிட்டு, மனு யாருக்கு அனுப்பப்பட்டது, என்ன நடவடிக்கை என்று கேட்கலாம். பதிலுக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள்.

அதற்கும் மேலே ஒரு வழி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில், திறந்த சாக்கடையும் மதுபான ஆலைக் கழிவும் ஓடிய தெருவின் மக்கள், பொதுத் தொல்லையை நீக்கக் கோரும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். வசதியில்லை என்று தெரிந்துதானே அங்கே குடியேறினார்கள் என்றுகூட நகராட்சி வாதாடியது. பணமில்லை என்றும் சொன்னது. நீதிபதி கிருஷ்ணய்யர் 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் எழுதிய தீர்ப்பு இரண்டையும் ஏற்கவில்லை. நிதி இல்லை என்பதைக் காட்டிச் சட்டக் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது என்றது. அந்த 133-ஆவது பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 152-ஆவது பிரிவாக இருக்கிறது. மனு உட்கோட்ட மாஜிஸ்திரேட்டான கோட்டாட்சியரிடம் போகும். முத்திரை வாங்கிய அந்த நகல்களும் படங்களும் அதில் இணைப்புகளாகும்.