பதினொரு மணிக் கூட்டம் பன்னிரண்டரைக்கு

இப்படி ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். மக்கள்தொகை 2,400. அக்டோபர் 2, காலை 11 மணிக்குக் கிராம சபை. இந்த அளவுள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வரவேண்டும். விடியலில் பிடித்த மழை விடவில்லை. 10.45 மணிக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் 46 பேர்தான் இருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் மைக்கில் பெரும்பாலும் கேட்பது, 'கூட்டம் இன்னும் சற்று நேரத்தில் தொடங்கும்' என்பதுதான். கைக்குழந்தையோடு வந்த பெண் அதை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பார்? அரைமணி பொறுப்பார், பிறகு கிளம்பிவிடுவார். அவர் சொல்லித்தான் தெருவுக்கே 'இன்று கூட்டம் இல்லை' என்று தெரியவரும். பிறகு மழை விட்டாலும் அந்தத் தெருவிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

அதே மைக்கில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'மழையால் கிராம சபை 11 மணிக்குப் பதிலாகப் பகல் 12.30க்குத் தொடங்கும். இடம் இதே பள்ளிக்கூடம்தான். வீட்டுக்குப் போகிறவர்கள் 12.20க்குள் திரும்பிவிடுங்கள். இங்கேயே இருப்பவர்களுக்குக் குடிநீர் வைத்திருக்கிறோம். மனு எழுதத் துணை வேண்டுவோர் வாசல் மேசைக்கு வாருங்கள்.' இதையே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கடைசித் தெருவரை சொல்லிவர வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இந்த அறிவிப்பு அதிகம் தேவை.

புதிய நேரத்தைத் தாராளமாகவே வைக்கலாம். 11.30, பிறகு 12, பிறகு 12.30 என்று மூன்று முறை தள்ளுவதைவிட ஒரே முறை ஒன்றரை மணிநேரம் தள்ளுவது நல்லது. இரண்டாவது முறை தள்ளியதுமே ஊர் அந்த நேரத்தை நம்பாது. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: 12 மணிக்கே நூறு பேர் கூடிவிட்டாலும் தொடங்கக்கூடாது. சொன்ன நேரத்தை நம்பி அடுப்பில் உலை வைக்கப் போனவர் 12.20க்கு வரும்போது முதல் தீர்மானம் முடிந்திருந்தால், அவருக்குச் செய்தது அநியாயம்.

காத்திருக்கிறவர்களுக்கு ஒரு நல்ல வேலை உண்டு. ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் படிவம் 30 கூட்டத்தில் பலகையாக வைக்கப்படும். வழக்கமாக அதைப் படிக்க நேரமே கிடைக்காது. இன்று கிடைத்திருக்கிறது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டார் பழுதுக்கும் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து, கேட்க வேண்டியதைத் தாளில் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் கையெழுத்தில் கவனம் வேண்டும். 'வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க' என்று தீர்மான நோட்டை நீட்டினால், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெற்றுப் பக்கமாக இருந்தால் போடாதீர்கள். பின்னால் எழுதப்படும் தீர்மானத்துக்கும் அதுவே உங்கள் சம்மதமாகிவிடும். 12.30க்கும் 80 பேர்தான் என்றால் நோட்டில் 80 என்றே எழுத வேண்டும். மீதி இருபதை வீடுவீடாகப் போய் வாங்கக்கூடாது.