பணம் வரும் முன்பே பற்று விழுவது ஏன்?

தஞ்சாவூரில் ஒரு வங்கியின் ஏடிஎம்மில் நிற்கிறீர்கள். உங்கள் கணக்கோ வேறொரு வங்கியில். 2,000 ரூபாய் கேட்டுவிட்டுத் திரையைப் பார்க்கிறீர்கள். அந்தச் சில நொடிகளில் உங்கள் கோரிக்கை ஊர் விட்டு ஊர் போய்த் திரும்புகிறது.

நீங்கள் அழுத்தும் ரகசிய எண் விசைப்பலகைக்குள்ளேயே குறியீடாக மாறிவிடுகிறது. கார்டு எண், தொகை, இயந்திரத்தின் அடையாளம் ஆகியவற்றோடு சேர்ந்து அது ஏடிஎம் வைத்திருக்கும் வங்கியின் கணினிக்குப் போகிறது. கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்ததும் இது தன் வாடிக்கையாளரின் கார்டு இல்லை என்று அந்தக் கணினிக்குத் தெரிந்துவிடும். உடனே கோரிக்கையை நேஷனல் ஃபைனான்சியல் ஸ்விட்ச் என்ற பொது இணைப்பகத்துக்குத் தள்ளிவிடும். 2004-இல் தொடங்கிய இந்த இணைப்பகத்தை 2009 முதல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நடத்துகிறது. அதே முதல் இலக்கங்களை வைத்து, உங்கள் வங்கி எது என்று கண்டுபிடித்து அங்கே அனுப்புவதுதான் இதன் வேலை.

ரகசிய எண் சரியா, இருப்பு போதுமா என்று பார்ப்பது உங்கள் வங்கி மட்டுமே. இரண்டும் சரியென்றால், அது முதலில் 2,000 ரூபாயைப் பற்று வைக்கிறது; பிறகுதான் 'கொடுக்கலாம்' என்று பதில் அனுப்புகிறது. பதில் வந்த வழியே திரும்பி வந்த பின்னரே இயந்திரம் நோட்டை எண்ணத் தொடங்கும். வரிசையை மாற்ற முடியாது. கைக்குப் போன நோட்டை மீட்க வழியில்லை. கணக்கில் விழுந்த பற்றை நீக்கிவிடலாம்.

சிக்கல் வருவதும் இந்த இடைவெளியில்தான். பற்று விழுந்தபின் நோட்டு சிக்கிக்கொண்டால், அந்தப் பற்றை நீக்கும்படி ஏடிஎம் வங்கி இன்னொரு செய்தி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் குறுஞ்செய்தியில் பற்று வந்த சிறிது நேரத்தில் வரவும் வந்துவிடும். பற்றை நீக்கச் சொல்லும் செய்தியும் வழியில் தொலைந்துபோனால், கணக்கு ஒப்பிடும்போதுதான் பிழை வெளிப்படும். இயந்திரம் ஒவ்வொரு அசைவையும் தன் பதிவேட்டில் எழுதுகிறது. பெட்டியில் மிஞ்சிய 2,000 ரூபாயும் அதற்குச் சாட்சி.

எனவே நோட்டு வராவிட்டாலும் சீட்டை எறியாதீர்கள். அதிலுள்ள பரிவர்த்தனை எண்ணோடு, கார்டு தந்த உங்கள் வங்கியிடம் புகார் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதை நீங்கள் கேட்காமலே வங்கி தர வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தாலும், உங்கள் கைக்கு வந்தது அந்த வங்கியின் பெட்டியில் இருந்த பணம்தான். நாளெல்லாம் நடந்த இத்தகைய கொடுக்கல் வாங்கலைக் கழித்து, மிச்சத்தை மட்டும் வங்கிகள் ரிசர்வ் வங்கியில் உள்ள தங்கள் கணக்குகள் வழியே தீர்த்துக்கொள்கின்றன. அப்போதுதான் தஞ்சாவூர்ப் பெட்டியில் குறைந்த 2,000 ரூபாய்க்கு ஈடு கிடைக்கிறது.