கணக்குப் பாட வீடியோ: எங்கே காட்டுவது, எங்கே நிறுத்துவது

சாதாரண தரம் எழுதிய அண்ணன்மாரும் அக்காமாரும் சின்னப் பிள்ளைகளுக்காகக் கைத்தொலைபேசியில் கணக்கு சொல்லிக்கொடுத்து வீடியோ எடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் கமராவைப் பிடிக்க முன்னர் தாளில் எழுதவேண்டியது ஒன்று உண்டு. திரையில் என்ன தெரியும், வாயால் என்ன சொல்வோம், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவோம் என்பதுதான் அது. ஒரே ஒரு கணக்கை வைத்து அதை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

5 − 2(x − 3) = 1 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

இதில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்றுதான். அடைப்புக்குறியை நீக்கும்போது 5 − 2x − 6 என்று எழுதிவிடுவார்கள். ஏன்? 2க்கு முன்னால் இருக்கும் சய அடையாளத்தை "கழிக்கிறது" என்று மட்டும் நினைத்து, அதை 2ஓடு சேர்த்து எடுக்காமல் விடுகிறார்கள். ஆகவே நம்முடைய வீடியோவும் அந்த இடத்திலேதான் கவனம் வைக்க வேண்டும்.

முதலாவது காட்சியில் கணக்கு மட்டும் திரையில் நிற்கட்டும். பிறகு −2க்கு மஞ்சள் நிறம் வரவேண்டும். சய அடையாளத்தையும் சேர்த்துத்தான் மஞ்சள் மூட வேண்டும், 2ஐ மட்டும் மூடினால் நாமே பிள்ளையைத் தவறான வழியில் விட்டவர்களாவோம். அதே நேரத்தில் குரல், "தம்பி தங்கச்சிமாரே, உள்ளே இருக்கிற இரண்டையும் பெருக்கப்போவது 2 இல்லை, சய 2" என்று சொல்ல வேண்டும். சொல்லும் சொல்லும் நிறமும் ஒன்றாக வரவேண்டும். நிறம் முந்தி வந்து பேச்சு பிந்தி வந்தால் பிள்ளையின் கண் எங்கேயோ அலையும்.

அடுத்து −2இலிருந்து xக்கு ஓர் அம்புக்குறி போகும், கீழே −2x எழுதப்படும். அந்த அம்பு மறைந்த பிறகுதான் −3க்கு அடுத்த அம்பு போகவேண்டும். இங்கே பேச்சை நிறுத்துங்கள். "சய 2ஐ சய 3ஆல் பெருக்கினால் என்ன வரும்? கொப்பியில் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு 15 செக்கன் மௌனம். பாட்டும் வேண்டாம், கதையும் வேண்டாம். கேள்வி மட்டும் திரையில் நிற்கட்டும்.

பிறகு விடையைக் காட்டுவோம்:

5 − 2x + 6 = 1
11 − 2x = 1
2x = 10
x = 5

மேல்வரிகளை அழிக்காதீர்கள். பிந்தி விளங்கும் பிள்ளை திரும்பிப் பார்க்க அவை அங்கேயே இருக்கவேண்டும்.

வீடியோவால் பிள்ளையின் கொப்பியைப் பார்க்க முடியாது. அதனால் பிழையை நாமே எதிர்பார்த்து எழுதிவைக்க வேண்டும். "−6 என்று எழுதினவங்களுக்கு x = −1 வந்திருக்கும். அதைப் போட்டுப் பாருங்க" என்று சொல்லி, 5 − 2(−1 − 3) என்பதைச் செய்துகாட்டுவோம். உள்ளே −4, ஆகவே 5 + 8 = 13. வரவேண்டியது 1. ஆக, பிழை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். 5ஐப் போட்டால் 5 − 2 × 2 = 1, சரியாக வருகிறது.

இத்தோடு வீடியோவை முடித்துவிடக் கூடாது. பார்க்கும்போது எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும், தானே செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும். அவுஸ்திரேலியாவில் சுவெல்லர், கூப்பர் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், அட்சரகணிதத்தில் செய்துகாட்டிய ஒரு கணக்கையும் அதைப்போன்ற ஒரு கணக்கையும் மாறிமாறிக் கொடுத்தார்கள். வெறும் பயிற்சிக் கணக்குகளை மட்டும் செய்தவர்களைவிட அப்படிப் படித்தவர்கள் அதேவகைக் கணக்குகளைச் சீக்கிரமாகச் செய்தார்கள்.

நாமும் அப்படியே செய்வோம். இரண்டாவது கணக்கு 7 − 3(x − 2) = 4. இதில் 7 − 3x + 6 = 4 என்ற முதல் வரியை மட்டும் நாம் எழுதிக்கொடுப்போம், மிச்சத்தைப் பிள்ளை செய்யட்டும். விடை 3. மூன்றாவது கணக்கு 9 − 4(x − 1) = 5. இதில் நிறமும் இல்லை, அம்பும் இல்லை, முழுவதும் பிள்ளையின் வேலை. "வீடியோவை நிறுத்திவிட்டுச் செய்யுங்க" என்று சொல்லிவிட வேண்டும். விடை 2.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சய எண்களைப் பெருக்கவே தெரியாத பிள்ளைக்கு இந்த வீடியோ உதவாது. அதற்கு முதலில் வேறொரு பாடம் வேண்டும்.

ஒளிப்பதிவுக்கு முன்னர், எழுதினதை ஒரு பிள்ளைக்கு வாசித்துக்காட்டுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டாம், பேனையைப் பாருங்கள். நாம் கொடுத்த 15 செக்கனுக்குள் பேனை கொப்பியில் நகரவில்லை என்றால், அந்த இடைவேளை போதாது, அல்லது அதற்கு முந்தின படி விளங்கவில்லை. அந்த இடத்தைத் திருத்தி எழுதிவிட்டுப் பிறகு கமராவை எடுங்கள்.