ஹோட்டல் அறையில் விருந்தினர் சுருண்டு விழுந்தால்… யார் என்ன செய்யணும்?

நீங்கள் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை செய்றீங்கன்னு வச்சுக்குவோம். இரவு 11 மணி. 12-வது மாடியிலிருந்து ஒரு பெண் பதற்றமாகப் போன் செய்கிறார். “என் வீட்டுக்காரர் திடீர்னு விழுந்துட்டார். குறட்டை மாதிரி சத்தம் வருது!”

சத்தம் வருதே, மூச்சு இருக்குன்னு நினைச்சுடாதீங்க. இதயம் நின்ற பிறகும் சிறிது நேரம் குறட்டை போலவோ, விட்டு விட்டுத் திணறுவது போலவோ சத்தம் வரலாம். இரண்டே கேள்வி கேளுங்கள்: தட்டிக் கூப்பிட்டால் எழுகிறாரா? மூச்சு வழக்கம்போல் சீராக இருக்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு 999-ஐ அழைக்கணும். ஹோட்டல் முகவரி, மாடி, அறை எண், எந்த வாசல் என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்லும்வரை போனை வைக்காதீங்க.

அதே நேரத்தில் மற்றவர்களின் வேலை தொடங்கணும்.

டியூட்டி மேனேஜர் மாஸ்டர் சாவியோடும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியோடும் மேலே ஓடணும். உள்பக்கக் கொக்கி போட்டிருந்தால் மாஸ்டர் சாவி மட்டும் போதாது. அதனால் அறையில் இருப்பவரிடம் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். விருந்தினர் தனியாகத் தங்கியிருந்தால், கொக்கியை விடுவிக்கும் கருவியோடு பராமரிப்பு ஊழியரும் போகணும். பாதுகாவலர் ஒரு லிஃப்டைக் கீழே நிறுத்தி வைத்து, வாசலில் ஆம்புலன்சுக்காகக் காத்திருக்கணும்.

விழுந்தவர் மெத்தையில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தை அமுங்கினால் நெஞ்சு சரியாக அமுங்காது. நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தணும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் வேகம் குறையாது. ஏ.இ.டி. வந்ததும் அதை ஆன் செய்து, அது சொல்வதைச் செய்யுங்கள். அதிர்ச்சி கொடுக்கும்போது யாரும் அவரைத் தொடக்கூடாது.

ஊழியர்களால் இது முடியுமா? முடியும். அமெரிக்காவில் சூதாட்ட விடுதிகளின் பாதுகாவலர்களுக்கு இந்தப் பயிற்சி கொடுத்து நடந்த ஆய்வு 2000-இல் வெளியானது. பலர் கண்ணெதிரே விழுந்து, மூன்று நிமிடத்துக்குள் மின் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அதற்கு மேல் தாமதமானபோது அது 49 விழுக்காடாகக் குறைந்தது.

ஆனால், அங்கே கேமராவும் கண்களும் சுற்றி இருந்தன. மூடிய அறையில் அப்படி யாரும் இல்லை. கதவு, லிஃப்ட், சாவி என்று ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும். அடுத்த ஷிஃப்டில் ஒரு காரியம் செய்ங்க: ஏ.இ.டி. வைத்திருக்கும் இடத்திலிருந்து மேல் மாடியின் கடைசி அறைவரை வேகமாக நடந்து, எத்தனை நிமிடம் ஆகுதுன்னு பாருங்க.