‘எல்லாம் சேர்த்துத்தான் சார்!’: இலைக் கணக்கில் எது உண்டு, எது இல்லை?

கல்யாணச் சமையலுக்கு ரேட் கேட்டால் இப்போது பதில் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஒருவர் மெனுவைப் படமாக அனுப்புகிறார். இன்னொருவர் இரண்டு வரியில் ரேட்டைப் போட்டுவிட்டு மீதியைக் குரல் பதிவில் சொல்கிறார். இலைக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துக் குறைந்த ரேட்டைப் பிடித்தால், மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில் வரும் பில் வேறாக இருக்கும்.

ஓர் உதாரணம். வரவேற்பு இரவு 400 பேர், காலை டிபன் 200 பேர், முகூர்த்தச் சாப்பாடு 300 பேர் என்று ஒரு குடும்பம் கணக்கிடுகிறது.

முதல் காண்ட்ராக்டரின் பதில்: “இரவு 250, டிபன் 120, மதியம் 220. எல்லாம் சேர்த்துத்தான் சார். மினிமம் 400 இலை.”

இரண்டாமவரின் பதில்: “280, 130, 240. வாழை இலை, பரிமாற ஆள், தண்ணீர் பாட்டில், பாத்திரம், வண்டி வாடகை உட்பட. ஐஸ்கிரீம் தனி, ஜிஎஸ்டி தனி. நீங்க சொன்ன எண்ணிக்கைதான் மினிமம்.”

முதலாமவர் கணக்கு 1,90,000 ரூபாய். இரண்டாமவருடையது 2,10,000. இருபதாயிரம் மிச்சம் என்று தோன்றும்.

இரண்டு பதில்களையும் ஒரே தாளில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்: உண்டு, இல்லை, சொல்லவில்லை. இரண்டாமவர் ஐஸ்கிரீமும் வரியும் தனி என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அது ‘இல்லை’ பத்தியில் போகும். அதற்குப் பணம் எடுத்து வைக்கலாம். முதலாமவரிடம் அந்தப் பத்தி காலி. ‘சொல்லவில்லை’ பத்திதான் நிரம்பி வழிகிறது. வீட்டுக்காரர் ‘எல்லாம்’ என்பதைப் பந்தி முடியும்வரை ஆகும் செலவு என்று படிக்கிறார். காண்ட்ராக்டர் அதைச் சமைத்து இறக்குவது மட்டும் என்று வைத்திருக்கலாம்.

பரிமாற 20 பேர், ஆளுக்கு 800 ரூபாய் என்றால் 16,000. 900 இலைக்கும் எட்டு ரூபாய் பாட்டில் வைத்தால் 7,200. இந்த இரண்டிலேயே அவர் ரேட் 2,13,200 ஆகி, இரண்டாமவரைத் தாண்டிவிடுகிறது. ‘மினிமம் 400’ என்பது இரவுக்கு மட்டுமா, ஒவ்வொரு வேளைக்குமா? ஒவ்வொரு வேளைக்கும் என்றால் டிபனில் 200 இலைக்கும் மதியம் 100 இலைக்கும் சாப்பிட ஆளில்லாமலே இன்னும் 46,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே எல்லாக் காண்ட்ராக்டருக்கும் ஒரே கேள்விகளை அனுப்புங்கள்: “அண்ணே, மினிமம் எந்த வேளைக்கு? பரிமாற ஆள், தண்ணீர், வண்டி, பாத்திரம் ரேட்டில் உண்டா? மேளக்காரர், போட்டோகாரர் சாப்பாடு இலைக் கணக்கில் வருமா? இலையை யார் எண்ணுவது? கூடுதல் இலைக்கும் இதே ரேட்டா? தேதி மாறினால் அட்வான்ஸ் என்ன ஆகும்?”

“பார்த்துக்கலாம்”, “வழக்கம்போலதான்” என்று வருவதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்டா இல்லையா என்று மறுபடி கேளுங்கள். போனில் பேசி முடித்தால், பேசியதை நீங்களே எழுதி அனுப்பி “சரி” என்று வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

மண்டபத்துக்கும் இதே முறைதான். அங்கே ‘கரண்ட் தனி’ என்ற இரண்டு சொல்லில்தான் செலவு ஒளிந்திருக்கிறது. யூனிட் என்ன விலை, ஜெனரேட்டருக்கு மணிக்கு எவ்வளவு, துப்புரவுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சாவி வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்து அதே சாட்டில் போடுங்கள்.

வரி விஷயத்தில் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வரி என்று எதையும் வசூலிக்கக் கூடாது. பில்லில் வரி போட்டிருந்தால் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

சாட்டில் சொன்னதற்கு மாறாகப் பணம் கேட்டால், முதலில் அந்தச் செய்தியைக் காட்டி, எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பில் கேளுங்கள். சேவைக்குப் பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை.

வழக்கில் உங்கள் கையில் இருக்கும் சான்று அந்தச் சாட்தான். அனுப்பியவர் தன் செய்தியை எல்லோருக்குமாக நீக்கிவிட முடியும். எனவே ரேட் வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செய்திகள் தானாக மறையும் வசதி அந்தச் சாட்டில் இருந்தால் அணைத்து வையுங்கள். குரல் பதிவுகளைத் தனியே சேமியுங்கள். மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. அதனால் கணக்கு முழுதும் தீரும்வரை அந்தப் போனை மாற்றாமலும் சாட்டை அழிக்காமலும் வைத்திருங்கள்.