நாவலில் ஒளிந்திருக்கும் 'சட்டென்று'

நாவலின் முதல் வரைவு முடிந்ததும் அதைச் சில வாரங்கள் மூடி வைத்துவிட்டு, பிறகு உரக்கப் படிக்க வேண்டும். கண் தாண்டிப்போகும் செல்லச் சொற்களைக் காது பிடித்துவிடும். 'சட்டென்று', 'ஏதோ ஒரு', 'ஒரு கணம்', 'பெருமூச்சு விட்டான்' போன்றவை பலரிடமும் உண்டு.

சந்தேகப்பட்ட சொல்லைக் கணினியில் தேடும்போது முழுச்சொல்லாகத் தட்டினால் பாதி தப்பிவிடும். 'சட்டென்று' என்று தேடினால் 'சட்டென', 'சட்டெனத்' இரண்டும் வராது. 'சட்டெ' என்று மட்டும் தேடுங்கள். கிடைத்தவற்றுக்கு நிறம் பூசிவிட்டு, பக்கங்களைச் சிறிதாக்கிப் பாருங்கள். மொத்த எண்ணிக்கையைவிட, அவை எங்கே கும்பலாக நிற்கின்றன என்பதுதான் முக்கியம். அவசரமாக எழுதிய அத்தியாயம் அங்கே தெரிந்துவிடும்.

பிறகு ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் படிக்க வேண்டும். 'பாம்பைக் கண்டு சட்டென்று காலை இழுத்தான்' என்பதில் வேகத்தைப் பாம்பே தந்துவிடுகிறது, சொல் வேண்டாம். 'சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று மௌனமானாள்' என்பதில் எடுத்தால் அந்த வெட்டு போய்விடும், இருக்கட்டும். நீக்க வேண்டிய இடத்தில் 'திடீரென்று' போட்டு ஒப்பேற்றுவது சரியான வழியல்ல. பழக்கம் அப்படியே இருக்கும், பெயர்தான் மாறும்.

உரையாடலில் கொஞ்சம் தாராளம் காட்டலாம். பாட்டி பேச்சுக்குப் பேச்சு 'என்னத்தச் சொல்ல' என்றால் அது அவளுடைய குரல். அதையே பேரனும், கதைசொல்லியும் சொன்னால் அது எழுதியவரின் குரல். அவர்கள் இருவரிடமிருந்தும் எடுத்துவிட்டுப் பாட்டிக்கு மட்டும் விட்டுவைக்கலாம்.